ட்ரைகிளிசரைட் கூடிய ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி: நாற்பதுகளில் இருப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முக்கால்வாசிப் பேர் நேரே எல்.டி.எல் வரிக்குத்தான் போவார்கள். "கெட்ட கொலஸ்ட்ரோல்" எவ்வளவு என்று பார்த்து, அது பெரிதாகக் கூடவில்லை என்றால் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். கொழும்பில் ஒரு லேப்பில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைட் இயல்பாக இருப்பவருக்கு இந்தப் பழக்கத்தால் பெரிய நட்டமில்லை. ஆனால் ட்ரைகிளிசரைட் 200, 300 என்று ஏறியிருக்கும் ஒருவருக்கு, எல்.டி.எல் வரி உள்ள நிலைமையைக் குறைத்துக் காட்டும். அவர் பார்க்க வேண்டிய வரி நொன்-எச்.டி.எல், அதாவது மொத்தக் கொலஸ்ட்ரோலில் இருந்து "நல்ல கொலஸ்ட்ரோல்" எனப்படும் எச்.டி.எல்-ஐக் கழித்த எண். சில ரிப்போர்ட்டில் அது கடைசியில் இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது, நாமே கழித்துக்கொள்ள வேண்டும்.

மருந்து எழுதுவது டொக்டரின் வேலை. எண்களை விளங்கிக்கொண்டு அவரிடம் போவது எப்படி என்பதற்குத்தான் இது. விளக்கத்துக்காக ஒரு ரிப்போர்ட்டை நானே அமைத்துக்கொள்கிறேன். வெள்ளவத்தையில் இருந்து புறக்கோட்டைக்கு வேலைக்குப் போய்வரும் 44 வயதுக்காரர். புகைப்பதில்லை. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு சாராயம். அலுவலகத்தில் நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. அவருடைய எண்கள், மில்லிகிராம்/டெசிலீட்டரில்:

```
Total Cholesterol   248
Triglycerides       340
HDL                  36
VLDL                 68
LDL                 144
```

எல்.டி.எல் 144. பக்கத்தில் அச்சடித்த அட்டவணையில் 130 முதல் 159 வரை "எல்லைக்கோட்டில் உயர்வு". இவரும் நிம்மதியாகப் பையில் வைத்துவிடுவார்.

முதலில், இரத்தம் கொடுத்த நாளைப் பாருங்கள்

எண்ணைப் படிக்குமுன் அந்த எண் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். ட்ரைகிளிசரைட் என்பது நேற்று இரவுச் சாப்பாட்டையும் காட்டிக்கொடுக்கும் எண். மொத்தக் கொலஸ்ட்ரோலும் எச்.டி.எல்-உம் சாப்பாட்டால் அவ்வளவாக அசையாது. ட்ரைகிளிசரைட் அப்படியில்லை. ஒருவர் எந்த மாற்றமும் இல்லாமல் அடுத்த வாரம் இரத்தம் கொடுத்தாலே அது ஐந்தில் ஒரு பங்கு கூடவோ குறையவோ வரலாம். 340 வந்தவருக்கு இன்னொரு நாள் 280 வந்தால் அதை முன்னேற்றம் என்று கொண்டாட முடியாது. 400 வந்தால் மோசமாகிவிட்டது என்று பதறவும் தேவையில்லை.

வெறும் வயிறு என்றால் 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். காலையில் லேப்புக்கு வரும் வழியில் "பிளேன்டீதானே, பால் இல்லையே" என்று குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தப் பிளேன்டீயில் சீனி இருக்கிறது, அது விரதத்தை முறித்ததுதான். இன்னொரு பக்கம், பதினாறு பதினெட்டு மணி நேரம் பட்டினி கிடந்து வருவதிலும் பிரயோசனமில்லை. முந்தைய இரண்டு மூன்று நாளில் மதுபானம் கூடாது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாளும் வேண்டாம். அதற்காகப் பரிசோதனைக்கு முதல் வாரம் மட்டும் பத்தியம் இருந்துவிட்டு வருவதும் சரியில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் வழக்கமான எண் கிடைக்கும்.

காய்ச்சல் இருக்கும்போதோ அது விட்ட கையோடோ லிப்பிட் பார்க்காதீர்கள். டெங்கு போன்ற தொற்று வந்தால் ட்ரைகிளிசரைட் ஏறும், எல்.டி.எல்-உம் எச்.டி.எல்-உம் இறங்கும். சில வாரங்களுக்குப் பின் பார்ப்பதே நல்லது.

சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த இரத்தத்தையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. 2016 இல் ஐரோப்பிய நிபுணர் குழுக்கள், வழக்கமான லிப்பிட் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டன. சாப்பிட்ட நிலையில் 175-க்கு மேல் ட்ரைகிளிசரைட் இருந்தால் அது உயர்வு என்று கணக்கு. 440-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கலாம். ஆனால் எல்.டி.எல் எண்ணைச் சாப்பாடு எப்படிக் குழப்புகிறது என்பதைப் புரிந்துகொள்ள அடுத்த படி வேண்டும்.

ரிப்போர்ட்டில் எது அளந்தது, எது கணக்குப் போட்டது?

ஐந்தாறு வரி இருந்தாலும், பெரும்பாலான லேப்களில் இயந்திரம் நேரடியாக அளப்பது மூன்றைத்தான்: மொத்தக் கொலஸ்ட்ரோல், ட்ரைகிளிசரைட், எச்.டி.எல். மிச்சமெல்லாம் கூட்டல் கழித்தல். எல்.டி.எல் வருவது இப்படி:

```
VLDL = TG / 5
LDL  = Total - HDL - TG / 5
```

நமது ஆளுக்கு 340 ஐ 5 ஆல் வகுத்தால் 68. 248 இல் இருந்து 36 ஐயும் 68 ஐயும் கழித்தால் 144. ரிப்போர்ட்டில் இருந்த அதே எண்.

இந்தச் சூத்திரம் 1972 இல் ஃபிரீடுவால்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. ஈரல் ட்ரைகிளிசரைட்டை ஏற்றி இரத்தத்துக்குள் அனுப்பும் வி.எல்.டி.எல் துணிக்கையில் ட்ரைகிளிசரைட்டும் கொலஸ்ட்ரோலும் எப்போதும் ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும் என்பது அதன் அனுமானம். ட்ரைகிளிசரைட் 150-க்குக் கீழே உள்ளவருக்கு அது கிட்டத்தட்டச் சரி. மேலே போகப் போக அந்த விகிதம் உடைகிறது. துணிக்கைகள் ட்ரைகிளிசரைட்டால் நிறைந்து பெரிதாகின்றன, அதற்கேற்ற அளவு கொலஸ்ட்ரோல் அவற்றில் இருப்பதில்லை. சூத்திரமோ பழைய விகிதத்திலேயே கழிக்கிறது. அளவுக்கு மீறிக் கழிப்பதால் எல்.டி.எல் குறைந்து தெரிகிறது.

இதன் வேடிக்கையான விளைவைப் பாருங்கள். இதே ஆள் முந்தைய இரவு விருந்துக்குப் போய்விட்டு இரத்தம் கொடுத்தார் என்று வையுங்கள். மொத்தமும் எச்.டி.எல்-உம் அப்படியே, ட்ரைகிளிசரைட் மட்டும் 390. இப்போது கழிப்பது 78. எல்.டி.எல் 134. விருந்து சாப்பிட்டதால் "கெட்ட கொலஸ்ட்ரோல்" பத்துக் குறைந்துவிட்டது! உடம்பில் எதுவும் நல்லதாகவில்லை, கணக்கு மட்டும் மாறிவிட்டது.

ட்ரைகிளிசரைட் 400 ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது. ஒழுங்கான லேப் அந்த இடத்தை வெறுமையாக விடும், அல்லது கணிக்க முடியாது என்று எழுதும். அப்படி வெறுமையாக வந்தால் "லேப்காரர் ஒன்றை விட்டுவிட்டார்" என்று சண்டைக்கு வராதீர்கள், அதுதான் சரியான ரிப்போர்ட். எண் அச்சாகி வந்தால்தான் யோசிக்க வேண்டும். மொத்தம் 260, எச்.டி.எல் 32, ட்ரைகிளிசரைட் 620 என்றால் சூத்திரம் 104 என்று ஒரு அழகான எல்.டி.எல்-ஐத் தரும். அந்த 104-க்கு எந்த அர்த்தமும் இல்லை.

எல்.டி.எல்-ஐ நேரடியாக அளக்கும் முறையும் இருக்கிறது. கேட்டால் செய்வார்கள், காசு கொஞ்சம் கூட. அதுவும் ட்ரைகிளிசரைட் மிக உயர்ந்த இரத்தத்தில் தடுமாறக்கூடியதுதான். புதிய கணக்கு முறைகளும் வந்திருக்கின்றன. 2020 இல் வந்த சாம்ப்சன் சமன்பாட்டில் நமது ஆளின் எண்களைப் போட்டால் எல்.டி.எல் ஏறத்தாழ 149 வரும். 144-க்குப் பதில் 149, பெரிய வித்தியாசமில்லை. எல்.டி.எல்-ஐத் துல்லியமாக்க மினக்கெடுவதைவிட, அந்தச் சிக்கலே இல்லாத ஒரு எண்ணைப் பார்ப்பது மேல்.

நொன்-எச்.டி.எல்-ஐ நீங்களே கழித்துப் பாருங்கள்

```
Non-HDL = Total - HDL
248 - 36 = 212
```

இவ்வளவுதான். ட்ரைகிளிசரைட் இந்தக் கணக்கில் வரவே இல்லை, அதனால் நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது இதைப் பெரிதாகக் குழப்பாது. எச்.டி.எல்-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது, இரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய எல்லாத் துணிக்கைகளிலும் உள்ள கொலஸ்ட்ரோல். எல்.டி.எல் அதில் ஒரு பகுதி. வி.எல்.டி.எல்-உம், அது ட்ரைகிளிசரைட்டைக் கழற்றிக் கொடுத்தபின் சுற்றித் திரியும் எச்சங்களும் மற்றப் பகுதி. ட்ரைகிளிசரைட் கூடியவரிடம் இந்த மற்றப் பகுதிதான் பெருத்திருக்கும். எல்.டி.எல் வரியில் அது சேராது.

மதிப்பிடுவதற்கு ஒரு எளிய விதி: நொன்-எச்.டி.எல் இலக்கு என்பது எல்.டி.எல் இலக்கோடு 30 ஐக் கூட்டினால் வருவது. எல்.டி.எல் 100-க்குக் கீழே இருக்க வேண்டியவருக்கு நொன்-எச்.டி.எல் 130-க்குக் கீழே இருக்க வேண்டும். நமது ஆளின் எல்.டி.எல் 144 மட்டுமே உண்மை நிலை என்றால் அவருடைய நொன்-எச்.டி.எல் 174 சுற்றித்தான் இருக்க வேண்டும். இருப்பது 212. அந்த 38 வித்தியாசம்தான் எல்.டி.எல் வரி சொல்லாமல் விட்டது. அட்டவணையில் 190 முதல் 219 வரை "உயர்வு". எல்லைக்கோட்டுக்காரர் என்று நினைத்தவர் உண்மையில் ஒரு படி மேலே நிற்கிறார்.

எச்.டி.எல் 36 என்பது குறைவு. ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே என்றால் குறைவு என்று எடுப்பார்கள். ஆனால் "நல்ல கொலஸ்ட்ரோலைக் கூட்டுவது எப்படி" என்று யூடியூபில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ட்ரைகிளிசரைட் கூடும்போது அது எச்.டி.எல் துணிக்கைக்குள் மாறிப் புகுந்து, அந்தத் துணிக்கை சீக்கிரமே இரத்தத்தில் இருந்து அகற்றப்படுகிறது. அதனால்தான் இரண்டும் தராசு மாதிரி ஒன்று ஏற ஒன்று இறங்குகின்றன. மருந்தால் எச்.டி.எல்-ஐ மட்டும் கூட்டிப் பார்த்த பெரிய ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ட்ரைகிளிசரைட்டின் காரணத்தைச் சரிசெய்தால் அதுவாகக் கொஞ்சம் ஏறும்.

இதே மாறாட்டம் எல்.டி.எல்-இலும் நடக்கிறது. துணிக்கைகள் சிறுத்து, ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரோல் குறைந்து, எண்ணிக்கை கூடிவிடும். எண்ணிக்கையை நேரே அறிய விரும்பினால் ஏபோ-பி என்ற பரிசோதனை இருக்கிறது. ஒரு துணிக்கைக்கு ஒரு ஏபோ-பி மூலக்கூறு என்பதால் அது எண்ணிப் பார்ப்பது மாதிரி. 130-க்கு மேல் என்றால் ஆபத்தைக் கூட்டும் காரணியாக எடுப்பார்கள். எல்லாருக்கும் அது தேவையில்லை, செலவில்லாத நொன்-எச்.டி.எல் அந்த வேலையைப் பெருமளவு செய்துவிடும்.

லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கும் மச்சானோடு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அலகு மில்லிமோல்/லீட்டர். கொலஸ்ட்ரோல் எண்களை 38.7 ஆலும் ட்ரைகிளிசரைட்டை 88.5 ஆலும் வகுக்க வேண்டும். நமது ஆளின் நொன்-எச்.டி.எல் அங்கே 5.5, ட்ரைகிளிசரைட் 3.8. "எனக்கு நாலுதான், உனக்கு முந்நூற்றி நாற்பதா?" என்ற பீதி தேவையில்லை.

500 என்ற கோடு

இங்கே நின்று ஒரு கேள்வி: ட்ரைகிளிசரைட் 500-க்கு மேலா, கீழா? 150-க்குக் கீழே இயல்பு, 200 முதல் 499 வரை உயர்வு, 500-க்கு மேல் மிக உயர்வு. கீழே என்றால் கவலை இதயத்தைப் பற்றியது, ஆண்டுக்கணக்கில் நடப்பது. மேலே என்றால் கணையத்தைப் பற்றியது, ஒரே இரவில் நடக்கக்கூடியது. குறிப்பாக 1000 ஐத் தாண்டியவருக்குக் கணைய அழற்சி வரும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது.

அந்த அளவில் இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் மேலே வரும் சீரம், தெளிந்த மஞ்சளாக இல்லாமல் தண்ணீர் விட்ட பால் மாதிரி இருக்கும். சில நேரம் குழாயின் மறுபக்கத்தில் பிடித்த விரல் தெரியாது. ரிப்போர்ட்டின் அடியில் "லிப்பீமிக்" என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தால் அதுதான் விஷயம். அந்தக் குறிப்பைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பால்தன்மை சோடியம் போன்ற வேறு சில பரிசோதனைகளையும் பிழையாகக் காட்ட வைக்கலாம் என்பதால் டொக்டரிடம் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள்.

500 ஐத் தாண்டியவர் அடுத்த மாதக் கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. மதுவை அன்றே நிறுத்த வேண்டும், கொழுப்பையும் சீனியையும் கடுமையாகக் குறைக்க வேண்டும். டொக்டர் பெரும்பாலும் ஃபெனோஃபைப்ரேட் போன்ற மருந்தை யோசிப்பார். மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பாய்ந்து, வாந்தியும் சேர்ந்தால் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள். 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆஸ்பத்திரியில் ட்ரைகிளிசரைட் எண்ணை முதலிலேயே சொல்லுங்கள்.

நமது ஆள் 340. அவர் இதயப் பக்கத்து ஆள்.

ஏன் கூடியது?

ஒரே தட்டில் இருந்து வந்தாலும் ட்ரைகிளிசரைட், எல்.டி.எல் என்ற இந்த இரண்டு எண்களுக்கும் காரணம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் "முட்டையை விட்டுவிட்டேன், எண்ணெயை விட்டுவிட்டேன், ஆனாலும் ட்ரைகிளிசரைட் குறையவில்லை" என்று வந்து நிற்கிறார்கள்.

ட்ரைகிளிசரைட்டை ஏற்றுவது பெரும்பாலும் எண்ணெய் இல்லை. மிஞ்சிய மாச்சத்தையும் சீனியையும் மதுவையும் ஈரல் கொழுப்பாக்கி வி.எல்.டி.எல் என்று இரத்தத்துக்குள் அனுப்புகிறது. வயிற்றுச் சுற்றளவு கூடி, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இது இன்னும் வேகமாக நடக்கும். நமது ஆளின் ஐந்து தேநீரில் போகும் சீனியே நாளைக்கு 40 முதல் 50 கிராம். அதன் மேல் மத்தியானம் குவித்துப் போட்ட வெள்ளைச் சோறு, பின்னேரம் ரோல்ஸ் அல்லது பட்டிஸ், இரவில் பத்து இடியப்பம், சனிக்கிழமைச் சாராயம், அதற்குக் கலக்கும் சோடா. இதில் கொலஸ்ட்ரோல் என்று சொல்ல எதுவுமே இல்லாத பொருட்கள்தான் ட்ரைகிளிசரைட்டை ஏற்றுகின்றன.

எல்.டி.எல் பக்கத்தை ஏற்றுவது நிறைகொழுப்பு: சொதிக்கும் கறிக்கும் விடும் முதற்பால், தேங்காயெண்ணெய், நெய், பட்டர், முழு ஆடைப் பால்மா, பேக்கரிச் சாமான். அப்புறம் பரம்பரை. தேங்காய் மரக்கறிதானே, அதில் கொலஸ்ட்ரோல் இல்லையே என்பது சரிதான், ஆனால் அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைகொழுப்பு. அதுதான் எல்.டி.எல்-ஐக் கூட்டுகிறது.

சாப்பாட்டைக் குற்றம் சொல்லுமுன் ஒளிந்திருக்கும் நோய்களைப் பார்த்துவிட வேண்டும். அதற்கான பரிசோதனைகள் இவை: வெறும் வயிற்றுச் சீனியும் எச்.பி.ஏ.1.சி-யும்; கட்டுப்படாத நீரிழிவுதான் ட்ரைகிளிசரைட் ஏறுவதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று. டி.எஸ்.எச்; தைரொயிட் குறைந்தால் இரண்டு எண்களும் ஏறும், நாற்பதுகளில் உள்ள பெண்களிடம் இதைத் தவறவிடவே கூடாது. கிரியேட்டினினும் சிறுநீர் முழுப் பரிசோதனையும். சிறுநீரில் புரதம் போனால் கொலஸ்ட்ரோல் ஏறும். எஸ்.ஜி.பி.டி, ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தால் இது அடிக்கடி கூடியிருக்கும், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் மாத்திரை தொடங்குவதற்கு முந்திய அளவாகவும் உதவும். குடிக்கும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள். ஸ்டீரொய்ட், ஈஸ்ட்ரஜன் மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின், சில மனநல மருந்துகள் ட்ரைகிளிசரைட்டைக் கூட்டும். அதற்காக எதையும் தானாக நிறுத்தக் கூடாது.

நமது ஆளுக்கு வெறும் வயிற்றுச் சீனி 112, எச்.பி.ஏ.1.சி 6.2, டி.எஸ்.எச் இயல்பு, எஸ்.ஜி.பி.டி கொஞ்சம் கூட என்று வைப்போம். நீரிழிவு இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது.

லிப்பிட் தாளில் இல்லாத எண்கள்

டொக்டர் முடிவெடுப்பது இந்தத் தாளை மட்டும் வைத்து இல்லை. ஒரு நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், வயிற்றைச் சுற்றி அளவுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. காற்சட்டை அளவு இதற்கு உதவாது, அது தொப்பைக்குக் கீழே நிற்கும். பிரஷர் 130/85-க்கு மேலா? வெறும் வயிற்றுச் சீனி 100-க்கு மேலா? ட்ரைகிளிசரைட் 150-க்கு மேல், எச்.டி.எல் குறைவு ஆகியவற்றோடு சேர்த்து இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே அனுசேபக் கோளாறு என்று எடுப்பார்கள். நமது ஆளுக்கு வயிறு 98, பிரஷர் 138/88. ஐந்தும் இருக்கிறது.

அடுத்து குடும்பம். அப்பாவுக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ சகோதரிக்கோ 65-க்கு முன் மாரடைப்பு வந்ததா என்று எழுதி எடுத்துப் போங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாண்டு ஆபத்து அட்டவணையை வைத்துப் பார்த்தால், புகைக்காத 44 வயதுக்காரர் பெரும்பாலும் குறைந்த நிறத்துக்குள்தான் விழுவார். அந்த அட்டவணையில் வயதுக்குத்தான் கனம் அதிகம். நாற்பதுகளில் உள்ளவர் அதைப் பார்த்து ஆறுதல் அடைவதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க இதயவியல் சங்கங்களின் 2018 வழிகாட்டி, தெற்காசியப் பின்னணியையும், தொடர்ந்து 175-க்கு மேல் நிற்கும் ட்ரைகிளிசரைட்டையும், 190 முதல் 219 வரையான நொன்-எச்.டி.எல்-ஐயும், அனுசேபக் கோளாறையும் தனித்தனியே ஆபத்தைக் கூட்டும் காரணிகளாகச் சொல்கிறது. நமது ஆளுக்கு நாலும் உண்டு.

மூன்று மாதம் கழித்து வரும் இரண்டாவது ரிப்போர்ட்

நீரிழிவோ இதய நோயோ இல்லாத, எல்.டி.எல் 190-க்குக் கீழே உள்ள இவர் மாதிரியானவருக்குப் பல டொக்டர்மார் ஏறத்தாழ மூன்று மாத அவகாசம் கொடுப்பார்கள். (நீரிழிவோ இதய நோயோ 190-க்கு மேற்பட்ட எல்.டி.எல்-ஓ இருந்தால் மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.) இவர் தேநீரில் சீனியை விட்டார், சாராயத்தை நிறுத்தினார், இரவு இடியப்பத்தை ஐந்தாக்கினார், வெள்ளவத்தைக் கடற்கரையோரம் தினமும் முக்கால் மணி நேரம் நடந்தார், நாலு கிலோ குறைத்தார். சொதியும் சம்பலும் பழையபடியே. புதிய எண்கள்:

```
Total Cholesterol   222
Triglycerides       190
HDL                  38
LDL                 146
Non-HDL             184
```

இந்த ரிப்போர்ட்டோடுதான் கவுண்டரில் குழப்பம் தொடங்கும். "தம்பி, மூன்று மாதம் நாக்கைக் கட்டினேன். எல்.டி.எல் 144-இல் இருந்து 146 ஆகியிருக்கிறதே. மெஷினில் ஏதும் பிழையா?"

"பிழையில்லை அண்ணே. மேலே இருக்கிற மொத்தத்தில் எச்.டி.எல்-ஐக் கழித்துப் பாருங்கள்."

212 ஆக இருந்தது 184 ஆகிவிட்டது. 28 குறைவு. ட்ரைகிளிசரைட் 340-இல் இருந்து 190, இது நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கத்தைத் தாண்டிய உண்மையான இறக்கம். வி.எல்.டி.எல் பகுதி 68-இல் இருந்து 38 ஆனது. அவர் மாற்றிய பழக்கங்கள் எல்லாம் ட்ரைகிளிசரைட் பக்கத்துப் பழக்கங்கள், அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. எல்.டி.எல் பக்கத்தில் அவர் கையே வைக்கவில்லை, அது அப்படியே நிற்கிறது. சிலருக்கு ட்ரைகிளிசரைட் நன்றாக இறங்கும்போது எல்.டி.எல் பத்துப் பதினைந்து ஏறுவதும் உண்டு. எல்.டி.எல் வரியை மட்டும் பார்க்கிறவர் அந்த இடத்தில் மனம் விட்டு, மறுபடி சீனிக்குப் போய்விடுகிறார்.

இப்போது ரிப்போர்ட் முன்பைவிடத் தெளிவாகப் பேசுகிறது. மிஞ்சிய 184-இல் பெரும்பகுதி எல்.டி.எல். இனித் தேங்காய்ப்பாலையும் பேக்கரியையும் குறைத்துப் பார்க்கலாம். அது கொஞ்சம் இறக்கும். நொன்-எச்.டி.எல்-ஐ 130-க்குக் கீழே கொண்டுவர அது மட்டும் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம். இங்கேதான் ஸ்டற்றின் பேச்சு நியாயமாக வருகிறது. நடுத்தர அளவு ஸ்டற்றின் எல்.டி.எல்-ஐ 30 முதல் 49 சதவீதம் குறைக்கும், ட்ரைகிளிசரைட்டையும் ஓரளவு இறக்கும்.

மருந்துப் பேச்சில் அடிக்கடி பிழைக்கும் இடம்

"ட்ரைகிளிசரைட்தானே கூட, அதற்கான மாத்திரையைத் தாருங்கள்" என்று கேட்பவர்கள் அநேகம். 500-க்குக் கீழே உள்ளவருக்கு முதல் மருந்து பொதுவாக ஸ்டற்றின்தான். ஃபைப்ரேட் வகை மருந்து ட்ரைகிளிசரைட் எண்ணை நன்றாக இறக்கும், ஆனால் ஸ்டற்றினுக்கு மேல் அதைச் சேர்த்ததால் மாரடைப்பு குறைந்ததா என்று பார்த்தால் பதில் ஏமாற்றமே. 2022 இல் வெளிவந்த புரொமினன்ட் ஆய்வில், நீரிழிவும் 200 முதல் 499 வரை ட்ரைகிளிசரைட்டும் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு பெமாஃபைப்ரேட்டும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ட்ரைகிளிசரைட் இறங்கியது, மாரடைப்பும் பாரிசவாதமும் குறையவில்லை. ஜெம்ஃபைப்ரோசில் என்ற பழைய ஃபைப்ரேட்டை ஸ்டற்றினோடு சேர்த்தால் தசைப் பாதிப்பு வரும் ஆபத்தும் உண்டு.

மீனெண்ணெய்க் குளிசையும் அப்படித்தான். ட்ரைகிளிசரைட்டுக்கு மருந்தாகக் கொடுக்கும் அளவு நாளைக்கு 4 கிராம் வரை. பார்மசியில் வாங்கும் சாதாரண 1000 மில்லிகிராம் குளிசையில் வேலை செய்யும் பகுதி சுமார் 300 மில்லிகிராம்தான். ஒன்றை விழுங்கிவிட்டு ரிப்போர்ட் மாறும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தக் காசுக்குச் சாளை மீன் வாங்கலாம்.

ஸ்டற்றின் தொடங்கினால் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் லிப்பிட்டை மறுபடி பார்ப்பார்கள். முடிந்தால் அதே லேப்பில், அதே மாதிரி வெறும் வயிற்றில் கொடுங்கள், ஒப்பிட இலகு. காரணம் தெரியாத தசைவலியோ கறுத்த சிறுநீரோ வந்தால் அந்தத் தவணைக்குக் காத்திராமல் சொல்ல வேண்டும். கர்ப்பம் தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள் மாத்திரை எழுதுமுன்பே அதைச் சொல்ல வேண்டும். எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து வருகிறவர்களின் ரிப்போர்ட்டில் பழைய எண்ணே திரும்பி நிற்கும். இறக்கி வைத்திருந்தது அந்த மாத்திரைதான்.

ட்ரைகிளிசரைட்டும் எல்.டி.எல்-உம் சேர்ந்து ஏறுவது சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். ஆகவே ஒருவருக்கு இப்படி ரிப்போர்ட் வந்தால் அவருடைய சகோதரர்களும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. சிறுபிள்ளைகளுக்கு எப்போது பார்ப்பது என்பதை டொக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.